34 பைட்டுக் கேள்வி

உலாவியின் முகவரிப் பட்டையில் ta.wikipedia.org என்று தட்டி என்டரை அழுத்துகிறீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கம் வந்து நிற்கிறது. நடுவில் போனது ஒரு நொடி இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். பக்கத்தின் ஓர் எழுத்துகூட வந்து சேருவதற்கு முன்பே அந்தச் சொற்ப நேரத்துக்குள் ஒரு கேள்வி கிளம்பிப் போய், பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது. அந்தக் கேள்வியின் அளவு வெறும் 34 பைட். அதன் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

கேள்வி எதற்கு? இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றைத் தேடிப் போக ஐபி முகவரி என்ற எண் வேண்டும். 103.102.166.224 என்பது அப்படி ஓர் எண். விக்கிப்பீடியா சிங்கப்பூரில் வைத்திருக்கும் சர்வர் கூட்டத்தின் வாசல் அது. தரவுகளைச் சுமந்து செல்லும் கருவிகளுக்கு எண் மட்டும்தான் புரியும். நமக்கோ பெயர்தான் மனதில் நிற்கும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர்.

முதலில் உங்கள் கணினி அந்தப் பெயரைக் கேள்வியாக மடித்துக் கட்டுகிறது. மடிப்பைப் பிரித்தால் பெயர் இப்படி இருக்கும்:

```
2 t a 9 w i k i p e d i a 3 o r g 0
```

புள்ளிகளைக் காணோம். நாம் தட்டிய புள்ளிகள் இந்தப் பொதிக்குள் பயணம் செய்வதே இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்படுகிறது: 2 எழுத்து வரப்போகிறது, 9 எழுத்து வரப்போகிறது, 3 எழுத்து வரப்போகிறது. கடைசியில் இருக்கும் 0 ‘பெயர் இங்கே முடிந்தது’ என்கிறது. அந்த 0-வுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எல்லாப் பெயர்களும் கிளைத்து வருகிற வேர் அதுதான். முழுமையாக எழுதினால் ta.wikipedia.org. என்று கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாம் யாரும் வைப்பதில்லை, கணினி நமக்காக வைத்துக்கொள்கிறது.

மேலே உள்ளவை எண்ணினால் 18 பைட் வரும். அதற்கு முன்னால் 12 பைட்டில் ஒரு தலைப்பு இருக்கிறது. அதில் முக்கியமானது, இந்தக் கேள்விக்கு என்று போட்ட ஓர் அடையாள எண். பெயருக்குப் பின்னால் வரும் 4 பைட், எந்த வகைத் தகவல் வேண்டும் என்று சொல்கிறது. ஆக மொத்தம் 34. கணினியில் ‘வாழ்த்துக்கள்’ என்ற ஒரே சொல்லைத் தமிழில் சேமிக்க 39 பைட் ஆகிறது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் சர்வரையும் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் கேள்வி அதைவிடச் சின்னது. நடைமுறையில் இன்று கூடவே இன்னும் 11 பைட் ஒட்டிக்கொண்டு போவதுண்டு. அதன் கதை கொஞ்சம் தள்ளி வரும்.

இந்தக் கேள்வி நேராக விக்கிப்பீடியாவிடம் போவதில்லை. அலைந்து திரிந்து விசாரிப்பதற்கென்றே ஒரு சர்வர் இருக்கிறது. துறையில் இருப்பவர்கள் ரிசால்வர் என்பார்கள். விசாரிப்பான் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் ஒன்றை வைத்திருக்கும். 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது விசாரிப்பான்களையும் பலர் பயன்படுத்துகிறார்கள். கணினியிலிருந்து விசாரிப்பான் வரையிலான இந்த முதல் கட்டத்தைச் சில உலாவிகள் இப்போது மறையாக்கி அனுப்புகின்றன. உறையை மாற்றியிருக்கிறார்களே தவிர உள்ளே இருப்பது இதே கேள்விதான்.

விசாரிப்பானுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் அதற்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள், விக்கிப்பீடியா என்ற பெயரையே அது கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்கும்? தபால் பிரிப்பவர் உறையில் கதவு எண்ணை முதலில் பார்ப்பதில்லை. கடைசி வரியில் இருக்கும் ஊரையும் மாநிலத்தையும்தான் பார்ப்பார். விசாரிப்பானும் அப்படியே பெயரின் வால்பக்கத்திலிருந்து படிக்கிறது. முதலில் வேர், அடுத்து org, அதன்பின் wikipedia, கடைசியில்தான் ta.

வேரைக் கவனித்துக்கொள்ளும் சர்வர்களின் முகவரிகள் மட்டும் விசாரிப்பானின் மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. a.root-servers.net என்று தொடங்கி m.root-servers.net வரை மொத்தம் 13 பெயர்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மேரிலாந்து பல்கலைக்கழகம், சுவீடனின் நெட்நாட், ஜப்பானின் வைட் திட்டம் என 12 அமைப்புகள் அவற்றை நடத்துகின்றன. வெரிசைன் நிறுவனத்திடம் மட்டும் இரண்டு இருக்கின்றன.

ஏன் 13? இந்த எண்ணைப் பலரும் ஏதோ மர்மம் போலச் சொல்வார்கள். உண்மையில் இது பைட் கணக்கு. டிஎன்எஸ் உருவான காலத்தில், ஒரே பொதியில் அனுப்பும் பதில் 512 பைட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வேர் சர்வர்கள் எல்லாவற்றின் பெயரும் முகவரியும் அந்த 512-க்குள் அடங்கியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் இருந்தவை ஒன்பது. ns.nasa.gov என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் சம்பந்தமில்லாத வெவ்வேறு பெயர். இன்னும் சில சேர்க்க வேண்டியிருந்தது, ஆனால் பொதியில் இடம் போதவில்லை. 1995-இல் அதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லாவற்றுக்கும் root-servers.net என்ற ஒரே வால் வைத்துவிட்டார்கள்.

வால் ஒன்றானால் எப்படி இடம் மிச்சமாகும்? டிஎன்எஸ்-இன் மிக அழகான சிக்கனம் இங்கே ஒளிந்திருக்கிறது. பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நீளம் எழுதப்படுகிறது அல்லவா? ஒரு துண்டு 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் ஒரு பைட்டில் 255 வரை எழுதலாம். மீதமிருக்கும் எண்களைச் சும்மா விடுவானேன்? நீளம் இருக்க வேண்டிய இடத்தில் 192-ஓ அதற்கு மேற்பட்ட எண்ணோ வந்தால் அது நீளம் அல்ல, ஒரு சுட்டு. ‘இதே பொதியின் இன்ன இடத்துக்குப் போ, அங்கே எழுதியிருப்பதை இங்கேயும் படித்துக்கொள்’ என்று பொருள். அதனால் முதல் வேர் சர்வரின் பெயருக்கு 20 பைட் செலவானாலும், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 4 பைட் போதும்: நீளத்துக்கு ஒன்று, b அல்லது c என்ற எழுத்துக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒரு சுட்டு. இப்படிச் சுருட்டியதில் 13 பெயர்களும் அவற்றின் முகவரிகளும் 436 பைட்டில் அடங்கின. வருங்காலத் தேவைக்குக் கொஞ்சம் இடமும் மிஞ்சியது.

512 என்ற வரம்பு பின்னால் தளர்ந்தது. சற்று முன் சொன்ன 11 பைட் ஒட்டு அதற்காக 1999-இல் வந்ததுதான்: ‘என்னால் இதைவிடப் பெரிய பதிலும் வாங்க முடியும்’ என்று கேட்பவர் முன்கூட்டியே தெரிவிக்கும் குறிப்பு அது. இருந்தும் 13 என்ற எண் அப்படியே நின்றுவிட்டது. அதைக் கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. 13 பெயர்கள் என்றால் 13 இயந்திரங்கள் என்று பொருள் இல்லை. ஒரே ஐபி முகவரியை உலகத்தின் பல ஊர்களில் இருக்கும் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ‘இது என்னுடையது’ என்று அறிவிக்கின்றன. கேள்வி எங்கிருந்து புறப்பட்டாலும், இணையத்தின் வழிகாட்டிக் கருவிகள் கணக்கில் எது பக்கமோ அங்கே போய்ச் சேருகிறது. இந்த முறையில் இன்று 1,500-க்கும் மேற்பட்ட நகல்கள் இயங்குகின்றன. f.root-servers.net-இன் நகல் ஒன்று 2005-லேயே சென்னைக்கு வந்தது.

சரி, விசாரிப்பான் வேர் சர்வரிடம் வந்துவிட்டது. ‘ta.wikipedia.org எங்கே?’ என்கிறது. வேர் சர்வருக்கு விக்கிப்பீடியாவைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் கையில் இருப்பது com, org, in போன்ற 1,400-க்கும் மேற்பட்ட கடைசித் துண்டுகளின் பட்டியல் மட்டுமே. முழுவதும் சேர்ந்து ஒரு கைப்பேசிப் புகைப்படத்தின் அளவுகூட வராது. (இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழிலேயே எழுதும் கடைசித் துண்டுகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றையே நம்பி உருவான முறை என்பதால், நீங்கள் .இந்தியா என்று தட்டியதை உலாவி xn--xkc2dl3a5ee0h என்று மாற்றித்தான் அனுப்பும்.) ஆகவே வேர் சர்வர் சொல்வது: ‘எனக்குத் தெரியாது. org-ஐப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த ஆறு பேர், அவர்கள் முகவரி இது. இதை இரண்டு நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.’

முழுப்பெயரையும் வேரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். பொறியாளர்களுக்கும் தோன்றியது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வேர் சர்வருக்குத் தேவையில்லாத செய்தி. அதனால் இன்றைய விசாரிப்பான்கள் பலவும் வேரிடம் ‘org யாரிடம்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கின்றன.

அடுத்து org-இன் சர்வர். அதற்கும் ta தெரியாது. ஆனால் wikipedia.org யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரியும்: ns0.wikimedia.org முதலான மூன்று சர்வர்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. ns0.wikimedia.org-இடம் போய்க் கேள் என்கிறார்கள். போக வேண்டுமானால் அதன் எண் வேண்டும். அந்த எண்ணை யார் சொல்வார்? wikimedia.org-ஐக் கவனிப்பவர். அவர் யார்? அதே ns0.wikimedia.org. சாவி பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது! இதை அவிழ்க்க org சர்வர் தன் பதிலின் கடைசியில், யாரும் கேட்காமலே, அந்தச் சர்வர்களின் எண்களையும் ஒட்டி அனுப்புகிறது. இந்த ஒட்டுக்குத் துறையில் ‘க்ளூ’, அதாவது பசை என்றே பெயர். முகவரி சொல்வது org-இன் வேலை அல்ல. ஆனாலும் இந்தச் சின்ன உபகாரம் இல்லையென்றால் மொத்த முறையும் இந்த முடிச்சில் நின்றுபோகும். ‘கேட்காததையும் சேர்த்துச் சொல்லலாம்’ என்ற இந்தச் சலுகையை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் இதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆபத்து வந்தது.

மூன்றாவது நிறுத்தம் ns0.wikimedia.org. இதற்குத்தான் விடை தெரியும். அதுவும் இரண்டு படியாகச் சொல்கிறது: ta.wikipedia.org என்பது dyna.wikimedia.org-இன் இன்னொரு பெயர், dyna.wikimedia.org-இன் எண் இது. பதிலில் கேள்வியிலிருந்த பெயரைத் திரும்ப எழுத வேண்டிய இடத்தில் 192, 12 என்று இரண்டே பைட். தலைப்பு 12 பைட் என்பதால் கேள்வியின் பெயர் எப்போதும் பொதியின் 12-ஆம் இடத்தில்தான் தொடங்கும். (எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து.) 18 பைட் பெயர் இரண்டு பைட்டாகச் சுருங்கிவிட்டது.

அந்த எண் எல்லோருக்கும் ஒரே எண் அல்ல. விக்கிமீடியா உலகத்தில் ஏழு இடங்களில் சர்வர்களை வைத்திருக்கிறது. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று ஊகித்து, பக்கத்தில் இருப்பதன் எண்ணைக் கொடுக்கிறது. மதுரையிலிருந்து கேட்டால் வழக்கமாகச் சிங்கப்பூர். டொரொண்டோவில் இருக்கும் ஒரு தமிழர் அதே பெயரைத் தட்டினால் அமெரிக்காவின் வர்ஜீனியா. இதில் ஒரு குறையும் உண்டு. பெயர் சர்வரின் கண்ணுக்குத் தெரிவது விசாரிப்பான்தான், நீங்கள் அல்ல. உங்கள் விசாரிப்பான் வேறொரு கண்டத்தில் இருந்தால் உங்களையும் அந்தக் கண்டத்துக்காரர் என்று நினைத்துவிடும். பக்கம் மெதுவாகத் திறப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

மூன்று இடங்களில் விசாரித்தாயிற்று. யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளை மட்டுமே தெரியும். ஒரு காலத்தில் முழுப் பட்டியலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு HOSTS.TXT என்ற கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்று வலைப்பின்னலில் சேர்ந்தால் அவர்களுக்குத் தகவல் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். மற்ற எல்லாக் கணினிகளும் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும். சில நூறு கணினிகள் வரை அது ஓடியது. எண்ணிக்கை ஏற ஏறக் கோப்பும் பெருத்தது, இறக்குபவர்களும் பெருகினார்கள். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு மாற்றாக வடிவமைத்ததுதான் டிஎன்எஸ். அவர் அன்று வரைந்த பொதியின் அமைப்புதான் இன்றும் உங்கள் கைப்பேசியிலிருந்து கிளம்புகிறது.

பொறுப்பைப் பங்கிட்டது பாதி சாமர்த்தியம். மீதிப் பாதி மறதியில் இருக்கிறது. ஒவ்வொரு பதிலோடும் அதன் ஆயுள் நொடிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ta.wikipedia.org என்பது இன்னதன் மறுபெயர் என்ற செய்திக்கு ஆயுள் 86,400 நொடி, அதாவது ஒரு நாள். எண்ணுக்கோ சில நிமிடங்கள்தான். சிங்கப்பூர்ச் சர்வர்களில் ஏதாவது கோளாறு என்றால் வாசகர்களைச் சீக்கிரமாக வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும் அல்லவா, அதற்காக. ஆயுள் முடியும் வரை விசாரிப்பான் யாரையும் கேட்காமல் தன் நினைவிலிருந்தே பதில் சொல்லும். org யாரிடம் என்பதை இரண்டு நாள் நினைவில் வைத்திருக்கலாம் என்பதால், நிறையப் பேர் பயன்படுத்தும் ஒரு விசாரிப்பான் அதற்காக வேரைத் தேடிப் போவது அபூர்வம். உங்கள் தேடலில் முக்கால்வாசி நேரமும் மூன்று நிறுத்தமும் இராது. பக்கத்துத் தெருக்காரர் யாரோ சற்று முன் கேட்டு வைத்த பதில் உங்களுக்கும் உதவிவிடும்.

புதிதாக இணையதளம் தொடங்குபவர்களிடம் ‘மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்’ என்பார்கள். உண்மையில் எதுவும் எங்கும் பரவுவதில்லை. ஆங்காங்கே இருக்கும் பழைய நினைவுகளின் ஆயுள் ஒவ்வொன்றாக முடிகிறது, அவ்வளவுதான். com-இன் சர்வர்கள் ‘இந்தப் பெயர் இன்னார் பொறுப்பில்’ என்ற செய்திக்கு இரண்டு நாள் ஆயுள் கொடுக்கின்றன. 48 மணி நேரக் கணக்குக்கு அது ஒரு காரணம். இது தெரிந்த நிர்வாகி, சர்வரை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தன் பதிவுகளின் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்துவிடுவார். ‘இல்லை’ என்ற பதிலுக்கும் ஆயுள் உண்டு. பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே ஆவலில் ஒருமுறை தட்டிப் பார்த்தால், ‘அப்படி ஒன்று கிடையாது’ என்பதையும் விசாரிப்பான் நினைவில் வைத்துக்கொள்ளும். பதிவான பிறகும் சிறிது நேரம் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

நினைவில் வைத்துக்கொள்ளும் இந்தக் குணத்தில்தான் ஆபத்தும் நுழைந்தது. விசாரிப்பான் கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. உண்மையான சர்வருக்கு முன்னால் வேறு யாரோ முந்திக்கொண்டு பொய்ப் பதில் அனுப்பினால்? அதைத் தடுக்கத்தான் தலைப்பில் அந்த அடையாள எண். பதிலிலும் அதே எண் இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒதுக்கியது 2 பைட், ஆகவே 65,536 வாய்ப்புகள்தான். குருட்டாம்போக்கில் எண்களை வாரி இறைத்தால் ஒன்று பொருந்திவிடலாம். இருந்தாலும் ஆயுள் காப்பாற்றும் என்று பலரும் நம்பினார்கள்: உண்மையான பதில் வந்துவிட்டால் அது நினைவில் ஏறிவிடும், மோசடிக்காரர் அடுத்த முயற்சிக்கு அதன் ஆயுள் முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

2008-இல் டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், காத்திருக்கவே தேவையில்லை என்று கண்டுபிடித்தார். வழி எளிமையானது, அதனாலேயே பயங்கரமானது. wikipedia.org-ஐக் கைப்பற்ற நினைப்பவர் அந்தப் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. 1.wikipedia.org, 2.wikipedia.org என்று இல்லாத பெயர்களாகக் கேட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் புதுப் பெயர், எதுவும் நினைவில் இராது, விசாரிப்பான் ஒவ்வொரு முறையும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் மோசடிக்காரருக்குப் புதிதாக ஒரு பந்தயம். பொய்ப் பதிலில் அவர் எழுதுவது: ‘எனக்குத் தெரியாது, wikipedia.org-ஐக் கவனிக்கும் சர்வரைக் கேள். அதன் எண் இது.’ எண் அவருடைய சொந்த இயந்திரத்தின் எண்! சாவியை எடுத்துக் கொடுத்த அந்த ஒட்டுதான் இங்கே கள்ளச்சாவி ஆனது. ஒருமுறை வென்றால் போதும், அதன் பிறகு அந்த விசாரிப்பானை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் முழு wikipedia.org-உம் மோசடிக்காரர் சொல்லும் இடத்தில்தான்.

காமின்ஸ்கி இதைப் பகிரங்கமாக அறிவிக்கவில்லை. 2008 மார்ச் 31 அன்று மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் துறை வல்லுநர்கள் சிலர் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள். ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நாளில் திருத்தத்தை வெளியிட்டன. திருத்தம் என்ன? பொதியின் வடிவத்தில் ஒரு பைட்டைக்கூட மாற்ற முடியாது. உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் எல்லாம் அந்த வடிவத்தைத்தான் அறியும். அதனால் விசாரிப்பான் கேள்வி அனுப்பும் வாசல் எண்ணை ஒவ்வொரு முறையும் குலுக்கலில் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கணினிக்கு அப்படிச் சுமார் 64,000 வாசல்கள் இருக்கின்றன. பதில் சரியான வாசலுக்கு வர வேண்டும், சரியான அடையாள எண்ணோடும் வர வேண்டும். 65,536-ஆக இருந்த வாய்ப்பு 400 கோடியைத் தாண்டியது. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதப் பேராசிரியர் தன்னுடைய டிஎன்எஸ் மென்பொருளில் பல ஆண்டுகள் முன்பே இதைச் செய்துவைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்குப் பின் வந்த இன்னொரு உத்தியை என்னால் வியக்காமல் இருக்க முடிவதில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் உண்டு. டிஎன்எஸ்-க்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. WIKIPEDIA என்றாலும் wikipedia என்றாலும் ஒன்றுதான். ஆனால் பதில் அனுப்பும் சர்வர்கள் பெரும்பாலும் கேள்வியை எழுத்து மாறாமல் அப்படியே பதிலில் திருப்பி வைக்கின்றன. அப்படியானால் விசாரிப்பான் இப்படிக் கேட்கலாமே:

```
tA.wIKipeDIa.oRg
```

எது பெரிது, எது சிறிது என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கல். பதிலிலும் அதே கோணல்மாணல் இருந்தால் உண்மையான சர்வர் பேசுகிறது. இல்லையென்றால் யாரோ ஊகித்து அனுப்பியிருக்கிறார். இந்தப் பெயரில் 14 எழுத்துகள் இருப்பதால் 16,384 வகையில் எழுதலாம். சற்று முன் பார்த்த 400 கோடியை இதனால் பெருக்கினால் 60 லட்சம் கோடிக்கு மேல் போகிறது. ஒரு பைட் கூடவில்லை. எதிர் சர்வரில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. பொதிக்குள் 1983-லிருந்தே யாருக்கும் பயன்படாமல் கிடந்த இடத்தைக் கண்டெடுத்துப் பூட்டாக்கிவிட்டார்கள். 8.8.8.8-ஐ நடத்தும் கூகுள் 2023-இல் இதைப் பரவலாக நடைமுறைப்படுத்தியது. இதற்கும் எல்லை உண்டு. பெயர் குட்டையாக இருந்தால், அல்லது எண்களாகவே இருந்தால், குலுக்க எழுத்துகள் போதாது. பதிலில் கையொப்பமே இட்டு அனுப்பும் முறைதான் இதைவிட உறுதியானது. 2010 ஜூலையிலிருந்து வேரின் பதில்கள் கையொப்பத்தோடு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு பெயரின் உரிமையாளரும் தன் பங்குக்கு அதைச் செய்தால்தான் சங்கிலி முழுமையாகும். பலர் இன்னும் செய்யவில்லை.

பதிலே வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 அன்று உலகமே பார்த்தது. இந்திய நேரம் இரவு 9 மணி தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக மறைந்தன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலைப்பின்னலைத் துண்டித்துவிட்டது. அதன் பெயர் சர்வர்கள் பழுதாகவில்லை, மின்சாரத்தோடு ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் தரவு மையத்தோடு தொடர்பு அறுந்தால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெறும்படி அவற்றை அமைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு தனியாகக் கெட்டால் அது நல்ல ஏற்பாடு. அன்று எல்லாமே ஒரே நேரத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றன. org-ஐப்போல com-இன் சர்வர்கள் ‘facebook.com-ஐ இவர்களிடம் கேள்’ என்று சரியாகத்தான் சொல்லின. அவர்களிடம் போக வழிதான் இல்லை. பதிவுகளின் ஆயுள் சில நிமிடங்களே என்பதால் விசாரிப்பான்களின் நினைவும் உடனே காலியானது. கோடிக்கணக்கான கைப்பேசிகள் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டன. 1.1.1.1-ஐ நடத்தும் கிளவுட்ஃபிளேர், வழக்கத்தைப் போல 30 மடங்கு கேள்விகள் வந்ததாகப் பதிவு செய்தது. தவறைத் திருத்தப் பொறியாளர்கள் நேரில் தரவு மையத்துக்குள் போக வேண்டியிருந்தது. சேவை திரும்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அன்று விசாரிப்பான்கள் சொன்ன பதில் SERVFAIL. ‘கேட்டுப் பார்த்தேன், உரியவரிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை’ என்று அதற்குப் பொருள். NXDOMAIN என்பது வேறு. ‘உரியவரையே கேட்டேன், அப்படி ஒரு பெயர் கிடையாது என்கிறார்’ என்று பொருள். உலாவியில் ஒரு தளம் திறக்காதபோது DNS_PROBE_FINISHED_NXDOMAIN என்று வந்தால் முதலில் எழுத்துப்பிழையைத்தான் தேட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெயர் காலாவதியாகியிருக்கலாம். SERVFAIL என்றால் கோளாறு அந்தப் பெயரின் சொந்தக்காரரிடமா, உங்கள் விசாரிப்பானிடமா என்று பிரித்தறிய வேண்டும். கணினியின் கட்டளைத் திரையில் இந்த இரண்டு வரிகளையும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள்:

```
nslookup ta.wikipedia.org
nslookup ta.wikipedia.org 8.8.8.8
```

முதலாவது உங்கள் வழக்கமான விசாரிப்பானைக் கேட்கிறது, இரண்டாவது கூகுளுடையதை. முதலாவது தோற்று இரண்டாவது எண்ணைக் கொடுத்தால், பழுது பெரும்பாலும் உங்கள் பக்கத்தில்தான். விசாரிப்பானை மாற்றினால் தளம் திறந்துவிடும். இரண்டுமே SERVFAIL என்றால் சிக்கல் பெரும்பாலும் பெயரின் சொந்தக்காரர் பக்கம், நீங்கள் மோடத்தை அணைத்துப் போடுவதால் பயனில்லை. இரண்டும் எண்ணைச் சரியாகக் கொடுத்து, எண்கள் மட்டும் வேறுவேறாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். கேட்ட இடத்தைப் பொறுத்து வெவ்வேறு ஊர்ச் சர்வர்களைக் காட்டியிருக்கிறார்கள்.